பாலிஷுக்குப் போய் வெள்ளைக் கோட்டோடு திரும்பிய ஒரு மரகத மோதிரம்

மதுரையில் கல் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. போன வருஷம் ஆவணி முகூர்த்தங்களுக்குக் கொஞ்சம் முன்னால், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தன் மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். உட்கார்வதற்கு முன்பே சொன்னது ஒரே வாக்கியம்: "தம்பி, என் கல்லை மாத்திட்டாங்க."

நடந்தது இதுதான். 2019-ல் ஜெய்ப்பூரில் வேலை பார்த்த மருமகன் மூலமாக வாங்கிய மரகதம் அது. புதன் திசைக்காக ஜோசியர் போடச் சொன்னாராம். எட்டு மூலை கொண்ட நீள்சதுரக் கட்டு, 2.03 கேரட், 22 கேரட் தங்கத்தில் நாலு நகம் வைத்த மோதிரம், கல் விரலில் படவேண்டும் என்று அடிப்பக்கம் திறந்தே இருந்தது. அஞ்சு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பேத்தி கல்யாணத்துக்காக ஒரு நகைக்கடையில் எல்லா நகையையும் பாலிஷுக்குக் கொடுத்திருக்கிறார், அதோடு சேர்ந்து இந்த மோதிரமும் போய்விட்டது. கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, அப்புறம் நீராவி அடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு நகத்தையும் அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். தங்கம் பளபளவென்று வந்தது. கல்லின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, ஒரு மூலையில் பொடிசாக ஒரு சில்லு காணோம்.

டீச்சர் கல்லை மாற்றிவிட்டார்கள் என்றார். கடைக்காரர்களோ, "உங்களுக்கு எண்ணெய் ஊத்தின டூப்ளிகேட் கல்லை வித்திருக்காங்க, நல்ல கல்லா இருந்தா தாங்கியிருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமுமே தப்பு. ஆனால் எண்ணெய் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் உண்மை, இந்தக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

முதல் கேள்வி, இது அதே கல்தானா. எடை போட்டுச் சொல்ல முடியாது, கல் மோதிரத்தில் இருக்கிறது. அளவை வைத்துக் கணக்குப் போடலாம்: நீளம் 8.6, அகலம் 6.9, உயரம் 5.1 மில்லிமீட்டர். மூன்றையும் பெருக்கி, மரகதத்தின் அடர்த்தி 2.74-ஆலும், இந்தக் கட்டுக்கான 0.00245-ஆலும் பெருக்கினால் 2.03 கேரட் வருகிறது. சரி, பொருந்துகிறது, ஆனால் ஒரே அளவில் ஆயிரம் கல் கிடைக்கும், இது சாட்சி ஆகாது. ஒளிவிலகல் எண் 1.58-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. மரகதத்துக்குப் பொருந்துகிற எண்தான், அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

உண்மையான சாட்சி கல்லுக்கு உள்ளேதான் இருந்தது. மரகதத்தில் உள்ளே அழுக்கே இல்லாமல் கிடைப்பது ரொம்ப அபூர்வம், பிரெஞ்சுக்காரர்கள் அந்த அழுக்கைத் தோட்டம் என்றே அழைப்பார்கள். அந்தத் தோட்டம் கல் எங்கே பிறந்தது என்பதையும் காட்டிக்கொடுக்கும். கொலம்பியாவின் மூசோ, சிவோர் பக்கத்துக் கல்லில் ஓரம் கிழிந்த மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் உப்புத் தண்ணீர், ஒரு வாயுக் குமிழி, குட்டியாக ஒரு சதுர உப்புப் படிகம், மூன்றும் சேர்ந்து. ஜாம்பியாவின் கஃபூபு பகுதிக் கல் வேறு மாதிரி, அது அபிரகம் நிறைந்த பாறையில் வளர்வதால் பழுப்பும் கறுப்புமாக அபிரகத் தகடுகள், மூங்கில் குச்சி போலக் குறுக்கே கோடு விழுந்த ஆக்டினோலைட் ஊசிகள் எல்லாம் சிக்கியிருக்கும். இன்றைக்கு ஜெய்ப்பூரில் தீட்டி விற்கும் மரகதத்தில் பெரும்பகுதி ஜாம்பியாவிலிருந்து வருவதுதான்.

டீச்சர் கல்லும் அந்த ரகம். 40 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது, இடது ஓரத்தில் மூன்று அபிரகத் தகடுகள் முக்கோணமாக நின்றன, அதில் ஒன்றை உரசிக்கொண்டு சாய்வாக ஒரு ஊசி. டீச்சரிடம் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். சர்டிபிகேட்டில் இருந்த படம் ரொம்பச் சின்னது. ஆனால் 2020-ல் பக்கத்து வீட்டுப் பையன் போனோடு ஒரு லென்ஸை ஒட்டி விளையாட்டாக எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் அதே மூன்று கறுப்புப் புள்ளி, அதே சாய்வு ஊசி. கல் வளரும்போது உள்ளே சிக்கிய துகளை யாரும் நகர்த்தவோ இன்னொரு கல்லில் அதே இடத்தில் வைக்கவோ முடியாது. கல் மாறவில்லை. வாங்கும்போது "ஏன் இவ்வளவு கறுப்புப் புள்ளி" என்று விலையைக் குறைத்துப் பேசியதே அந்தப் புள்ளிகளைக் காட்டித்தானாம், கடைசியில் கடைக்காரர்களைக் காப்பாற்றியதும் அதுவே.

அடுத்தது வெள்ளைக் கோடு. இது புதிதாக உடைந்ததா, ஏற்கெனவே இருந்து இப்போதுதான் தெரிகிறதா?

இங்கே எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மரகதத்தின் வெடிப்புகளில் பல மேல்பரப்பு வரை வந்து திறந்திருக்கும். அதற்குள் காற்று இருந்தால் அது கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிக்கும், ஏனென்றால் மரகதத்தின் ஒளிவிலகல் எண் 1.58, காற்றுக்கு 1. நேராக விழும் வெளிச்சத்தில் ஒரு பரப்பில் சுமார் 5 சதவீதம் திரும்பும், 39 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழுந்தால் மொத்தமும் திரும்பிவிடும். அந்தத் திரும்பிய வெளிச்சம்தான் நாம் பார்க்கும் வெள்ளை. அதே வெடிப்பில் சீடர்வுட் எண்ணெய், அதாவது ஒருவகை தேவதாரு மர எண்ணெய், நிரம்பியிருந்தால் அதன் எண் 1.51. இப்போது நேர் வெளிச்சத்தில் திரும்புவது 5 சதவீதத்தில் நூறில் ஒரு பங்குதான், முழுசாகத் திரும்புவதற்கு 73 டிகிரி சாய்வு வேண்டும். வெடிப்பு எங்கேயும் போகவில்லை, ஆனால் கண்ணுக்கு ஏறக்குறைய இல்லை. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், உலகம் முழுக்க மரகத வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது, சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. டீச்சர் சர்டிபிகேட்டிலேயே "மிதமான எண்ணெய்" என்று போட்டிருந்தது. யாரும் அவருக்கு அதைப் படித்து விளக்கவில்லை, அவ்வளவுதான்.

அல்ட்ராசோனிக் தொட்டி செய்வது என்னவென்றால், சுடு சோப்புத் தண்ணீரில் கோடிக்கணக்கான நுண் குமிழிகளை உண்டாக்கி உடைத்து, இண்டு இடுக்கில் இருக்கும் பிசுக்கை உலுக்கி எடுப்பது. மோதிரத்தின் அடியில் இருக்கும் பிசுக்குக்கும் கல்லுக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் அந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம் அடிக்கும் நீராவி, மிச்சம் இருப்பதை இளக்கி வெளியே தள்ளும். திடீர்ச் சூட்டில் இருக்கிற வெடிப்பு நீளவும் செய்யலாம், ஆகவே டீச்சர் கேட்டதை லேசாக ஒதுக்க முடியாது.

புது வெடிப்பா, எண்ணெய் போன பழைய வெடிப்பா என்று பார்ப்பதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெடிப்பில் வானவில் நிறம் தெரிந்தால் புதுசு என்பார்கள். அது சரியில்லை. மெல்லிய காற்றுப் படலம் எங்கே இருந்தாலும் அந்த நிறம் வரும், எண்ணெய் போன பழசிலும் வரும். நான் பார்த்தது வேறு மூன்று விஷயம். வெடிப்பின் ஆழத்தில் ஒரு தீவு மாதிரி எண்ணெய் இன்னும் மிச்சம் இருந்தது, அதற்குள் அமுங்கித் தட்டையான குமிழிகள். வெடிப்பு மேல்பட்டையைத் தொடும் விளிம்பில் மஞ்சள் பழுப்பாக, வேர் பிரிந்த மாதிரி காய்ந்த எண்ணெய்க் கறை. நீள் அலைப் புற ஊதா விளக்கில் அந்தத் தீவு மட்டும் மங்கலாக மஞ்சளித்தது. புதிதாக உடைந்த இடத்தில் இந்த மூன்றும் இருக்க வழியில்லை.

நாலாவது சாட்சியை டீச்சரே தற்செயலாகச் சொன்னார். யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெயைத் தடவி வைத்தாராம், கோடு பாதி மறைந்து ரெண்டு நாளில் திரும்ப வந்துவிட்டதாம். மேலிருந்து எண்ணெய் உள்ளே போகிறது என்றால் வெடிப்பு மேல்பரப்பில் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிக்க உதவியது சரி, ஆனால் வைத்தியமாக அது மோசம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும், மார்கழிக் காலையில் கல்லே பனி மூடினாற்போல ஆகும், நாளானால் சிக்குப் பிடித்து நாறும், பிறகு சரியாக எண்ணெய் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் இதைக் கழுவி எடுக்கவே தனி வேலை.

மூலையில் போன சில்லு மட்டும் நிஜமாகவே புதுக் காயம். சங்கு வளைவு மாதிரி வழவழப்பான உடைவு, விளிம்பு கத்தி போலக் கூர்மை, உள்ளே ஒரு துளி பிசுக்கோ தூசியோ இல்லை. அஞ்சு வருஷம் போட்ட மோதிரத்தில் பழைய சில்லு இருந்திருந்தால் சோப்பும் மாவும் அதில் அடைந்திருக்கும். நகத்தை அழுத்தியபோது, கல்லின் ஓரத்தில் பரவ வேண்டிய அழுத்தம் மூலை நுனியில் மட்டும் விழுந்திருக்கிறது. மரகதம் கடினத்தில் 7.5 முதல் 8 வரை இருக்கிறது, கீறல் அவ்வளவு எளிதில் விழாது, அதை வைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கீறலைத் தாங்குவது வேறு, தட்டினால் தாங்குவது வேறு. உள்ளே இத்தனை வெடிப்பை வைத்துக்கொண்டு ஒரு கல் அடியைத் தாங்காது. எட்டு மூலைக் கட்டில் கூர் மூலைகளை வெட்டிவிட்டிருப்பதே இந்தப் பயத்தால்தான், இருந்தும் அந்த வெட்டிய மூலைதான் முதலில் அடி வாங்குகிறது.

இனி வைத்தியம். எங்கள் பக்கத்தில் எண்ணெய் ஏற்றுபவர் ஒருவர் இருக்கிறார், ஜெய்ப்பூரில் பத்து வருஷம் அதே வேலை பார்த்தவர். கல்லைப் பார்த்ததும் அவர் கேட்டது, "அண்ணே, ரெசின் போட்டுடலாமா? திரும்ப வராது." நியாயமான கேள்வி. எபாக்ஸி வகை ரெசினின் எண் 1.55-ஐத் தாண்டும், கல்லின் எண்ணுக்கு இன்னும் நெருக்கம், ஆகவே வெடிப்பு இன்னும் நன்றாக மறையும், கெட்டியாகிவிடுவதால் வெளியேறாது. ஆனால் சில ரெசின்கள் வருஷங்கள் போகப்போக மஞ்சளாகவோ பால் மாதிரியோ மாறும், அப்போது உள்ளே இறுகியதை முழுசாக எடுப்பது பெரும்பாடு. எண்ணெய் போகும், ஆனால் போனால் திரும்ப ஏற்றலாம். போகக்கூடியது என்பதையே நான் அதன் நல்ல குணமாகப் பார்க்கிறேன். இன்னொரு யோசனை ஜோபன் எண்ணெய், அதாவது பச்சைச் சாயம் கலந்தது, இந்தியச் சந்தையில் பழைய வழக்கம். வெடிப்பை மறைப்பதோடு நிறத்தையும் கூட்டிக் காட்டும், அதனால் அதை வேண்டவே வேண்டாம் என்றேன். நிறமில்லாத சீடர்வுட்தான் என்று முடிவானது.

அதற்கு முன்னால், உள்ளே ஏற்கெனவே ரெசின் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வெடிப்பின் தளத்துக்கு ஏறக்குறைய இணையாகப் பார்த்துக்கொண்டு கல்லை மெதுவாக ஆட்டினால், ரெசின் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஆரஞ்சும் நீலமுமாகப் பளிச்சென்று மாறி மாறி மின்னும். இந்தக் கல்லில் மிச்சத் தீவை எவ்வளவு ஆட்டியும் அப்படி எதுவும் மின்னவில்லை. சிலர் சூடாக்கிய ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோய் எண்ணெய் வியர்க்கிறதா என்று பார்ப்பார்கள், வெடிப்பு இருக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சூட்டைக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

ஆசாரி நகங்களை நிமிர்த்திக் கல்லை எடுத்தார், நெருப்பு எதுவும் இல்லாமல், கையாலேயே. வெளியே எடுத்து எடை போட்டால் 2.03, அப்படியே. போன சில்லு தராசுக்கே தெரியாத அளவு. மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் ரெண்டு நாள், நடுவில் ஒருமுறை அசிட்டோனை மாற்றினோம். பழைய எண்ணெய், டீச்சரின் தேங்காய் எண்ணெய் எல்லாம் போனபிறகு கல் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கோடு இருந்த இடத்தில் மூன்று கோடு. டீச்சரை இந்த நிலையில் பார்க்கவிடக்கூடாது என்று நினைத்தேன், அப்புறம் மனசு மாறி வரச்சொல்லிக் காட்டினேன். தன் கல்லின் நிஜ முகம் இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் லூப் என்ற கை லென்ஸில் பார்த்துவிட்டு, "பவுடர் இல்லாம நான் இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

எண்ணெய் ஏற்றுவதில் அவசரம்தான் எதிரி. ஈரம் போகக் காயவைத்த கல்லைச் சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தில் எண்ணெயில் முக்கி, மூடி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சினால் வெடிப்பு வாயிலிருந்து நூல் மாதிரி குமிழிகள் வரும். அவை நின்ற பிறகு காற்றைத் திரும்ப விட்டால் வெளி அழுத்தமே எண்ணெயை உள்ளே தள்ளும். எண்ணெய் இளகி ஓடுவதற்குச் சூடு வேண்டும், ஆனால் கல்லும் எண்ணெயும் ஒன்றாகவே மெல்ல ஏற வேண்டும். அறைச் சூட்டிலிருந்து சுமார் 80 டிகிரிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். சூடான எண்ணெயில் குளிர்ந்த கல்லைப் போட்டால் வெடிப்பு இன்னும் நீண்டுவிடும். அதிகச் சூடு வைத்தால், கல்லுக்குள் அடைபட்ட நீர் அறைகள் விரிந்து சுற்றிலும் புது வெடிப்பு போடும், மரகதத்தில் அந்த அறைகளுக்குப் பஞ்சமே இல்லை. எட்டு மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க எண்ணெயிலேயே ஆறவிட்டு, மறுநாள் பருத்தித் துணியில் துடைத்தார்.

மூன்று கோடுகளில் ரெண்டு சுத்தமாகத் தெரியவில்லை. நடுக்கோடு ஒரே ஒரு கோணத்தில் முடி மாதிரித் தெரிகிறது, அதன் முனையில் ஒரு குமிழி வெளியே வராமல் தங்கிவிட்டது. இன்னொரு தடவை முயற்சி செய்யலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு சூடும் கல்லுக்கு ஒரு சோதனை, ஒரு குமிழிக்காக அதைச் செய்வது லாபமில்லை. எண்ணெய் ஏறியதால் கல் உறுதியாகிவிடவில்லை என்பதையும் டீச்சரிடம் அழுத்திச் சொன்னேன். ஒட்டவில்லை, மறைத்திருக்கிறோம், அவ்வளவே.

சில்லு போன மூலையை மறுபடி தீட்டலாமா என்றும் யோசித்தோம். ஒரு மூலையைச் சரிசெய்தால் நாலையும் சமன் செய்ய வேண்டும், எடை 2 கேரட்டுக்குக் கீழே போய்விடும், விலையில் அந்த எல்லைக்கு மதிப்பு உண்டு. ஆகவே அப்படியே விட்டு, மூலையை மூடும்படி ஆங்கில வி எழுத்து வடிவ நகங்கள் வைக்கச் சொன்னேன். 22 கேரட் தங்கம் மெத்தென்று இருப்பதால் நகம் சீக்கிரம் தேய்ந்து திறந்துகொள்ளும், அதனால் கல்லைப் பிடிக்கும் மேல்பாகம் மட்டும் 18 கேரட்டில். பற்றவைப்பு எல்லாம் முடிந்து, அமிலத்தில் போட்டுக் கழுவி, பாலிஷும் ஆனபிறகுதான் கல் உள்ளே போனது. நகத்தின் உள்பக்கம் மூலை நுனிக்கு நேரே ஆசாரி ஒரு மயிரிழை குழித்துவிட்டார். அழுத்தம் ரெண்டு பக்க விளிம்பிலும் விழும், நுனி காற்றில் நிற்கும். இந்தக் குழியைப் போடாமல் வி நகம் வைத்தால், பாதுகாப்பு என்று நினைத்து வைத்ததே மூலையை உடைக்கும், இதை ரெண்டு மூன்று மோதிரத்தில் பார்த்துவிட்டேன்.

இந்தச் செலவில் பாதியை நகைக்கடைக்காரர்களே கொடுத்தார்கள், போன் படத்தையும் மைக்ரோஸ்கோப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் ரெண்டு பக்கமும் குரல் இறங்கிவிட்டது. கல்லை அவர்கள் மாற்றவில்லை. மரகதம் என்று தெரிந்தும் தொட்டியில் போட்டார்கள்.

வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று டீச்சர் கேட்டபோது, அவர் தினமும் செய்வதைத்தான் முதலில் கேட்டேன். பாத்திரம் தேய்ப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது எல்லாம் மோதிரத்தோடுதான். இந்த மூன்றுக்கும் கழற்ற வேண்டும். சானிடைசர் கையில் ஊற்றும்போதும் கழற்ற வேண்டும், ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகாது, தினம் பத்து முறை என்றால் ஸ்பிரிட் வெடிப்பு வாயிலிருந்து எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இழுக்கும். புதன்கிழமை பாலில் போட்டு எடுப்பாராம். பால் கல்லைக் கெடுக்காது, அதற்கப்புறம் பால் பிசுக்குப் போக வெந்நீரும் பல்பொடியும் போட்டுத் தேய்த்ததுதான் கெடுதல். ரெண்டு நிமிஷம் நனைத்து உடனே சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள் என்றேன். மாசம் ஒருமுறை கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு, மெத்தென்ற பிரஷ்ஷால் அடிப்பக்கம் மட்டும், ஊறவிடாமல். வைரத்தோடோ நீலக்கல்லோடோ ஒரே டப்பியில் போடக்கூடாது, அவை இதைக் கீறிவிடும், தனியாக ஒரு துணிப்பை. நகைக்கடையில் கொடுக்கும்போது ரசீதில் "மரகதம், எண்ணெய் ஏற்றியது, தொட்டியில் போடக்கூடாது" என்று எழுதி வாங்கச் சொன்னேன்.

எட்டு மாசம் கழித்து காட்ட வந்தார். நகங்கள் இறுக்கமாக இருந்தன. நடுக்கோட்டின் மேல்முனையில் அரை மில்லிமீட்டர் அளவு வெளுப்பு திரும்பியிருந்தது, வெடிப்பு வாயில் எண்ணெய் லேசாகக் காய்ந்திருக்கிறது, உள்ளே நிறைவாக இருக்கிறது. இதற்குப் போய் மறுபடி ஏற்ற வேண்டாம், கோடு பாதி நீளத்துக்கு வந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிப் புதிதாக ஒரு படம் எடுத்து அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். அதில் இடது ஓரத்தில் அந்த மூன்று புள்ளிகளும் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.